கால் கிலோவுக்குள் ஒரு புத்தகம்

நேயர்களுக்கு வணக்கம்.

32 வருஷம் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். இப்போது வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டுக்குத் தன்னார்வலராகப் போகிறேன். அந்த வார்டுக்குப் புத்தகம் கேட்டு எங்கள் ஊருக்கு இரண்டு முறை கடிதம் எழுதினேன். அந்தக் கடிதங்களின் கதைதான் இன்றைக்கு.

முதல் கடிதம் மூன்றே வரி. "நோயாளிகள் படிப்பதற்கு உங்கள் வீட்டில் உள்ள பழைய புத்தகங்களைத் தந்து உதவுங்கள்" என்று எழுதி பால் சொசைட்டியிலும் டீக்கடையிலும் மாரியம்மன் கோயில் சுவரிலும் ஒட்டினேன். பத்து நாளில் மூன்று மூட்டை வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுத் திண்ணையில் கொட்டிப் பார்த்தால், பத்தாம் வகுப்பு கைடு, போட்டித் தேர்வு வினாத்தாள், 1998-ஆம் வருஷத்து டெலிபோன் டைரக்டரி, கல்யாணப் பத்திரிகைக் கட்டு ஒன்று. ஒரு மூட்டையின் அடியில் யாரோ ஒருவருடைய பேங்க் பாஸ்புக்! அதைத் தேடிக்கொண்டு மறுநாள் அந்த அம்மாவே வந்தார்கள். நூற்றுக்கு மேல் இருந்ததில் வார்டுக்கு ஆகிற புத்தகம் பதினேழு. ஊர்க்காரர்களை நான் குறை சொல்லவில்லை. பழைய புத்தகம் கேட்டேன், பழைய புத்தகம் கொடுத்தார்கள்.

அந்தப் பதினேழிலும் பாதி ஓடவில்லை. ஏன் என்று வார்டில் உட்கார்ந்து பார்த்தபிறகுதான் புரிந்தது.

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து தொடை எலும்பு உடைந்து ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்துவிட்டால் சீக்கிரம் எழுப்பி உட்காரவாவது வைப்பார்கள். உடம்பு ஆபரேஷனுக்குத் தாங்காது, புண் ஆறவில்லை என்றால், முழங்காலுக்குக் கீழே எலும்பில் கம்பி பாய்ச்சி, அதில் கயிறு கட்டி, கப்பி வழியாக எடையைத் தொங்கவிடுகிறார்கள். ஆறு வாரம், எட்டு வாரம், அதற்கு மேலும் ஆகலாம். எடை ஆளையே கீழே இழுத்துவிடக் கூடாது என்று கட்டிலின் கால்மாட்டுக்குக் கட்டை கொடுத்து உயர்த்தியிருப்பார்கள். கால் மேலே, தலை தாழ்வில். ஒரு கையில் பெரும்பாலும் ஊசி ஏறிக்கொண்டிருக்கும். அவருக்கு மிச்சம் இருப்பது ஒரு கை. புத்தகம் மூக்குக்கு நேர் மேலே நிற்க வேண்டும்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் ஒன்று செய்து பாருங்கள். தரையில் மல்லாந்து படுங்கள். தலையணை வேண்டாம். வீட்டில் இருக்கிற தடிப் புத்தகத்தை ஒரே கையில் முகத்துக்கு மேலே பிடித்துப் படியுங்கள். நான் செய்து பார்த்தேன். அழகான கெட்டி அட்டை, எண்ணூறு பக்கம், ஏறக்குறைய ஒரு கிலோ. நாலு நிமிஷம் தாங்கினேன். அடுத்து அது என் மூக்கில் விழுந்தது. பிறகு நூற்று அறுபது பக்க சாதா அட்டைப் புத்தகம். அது இருநூறு கிராம் வரும், கொஞ்சம் சமாளிக்கலாம். மூன்றாவதாக, மளிகைக்கடையில் தொங்குமே, அந்த மாத நாவல். சாணித்தாள், நடுவில் பின் அடித்தது, நூறு கிராம்கூட இருக்காது, பின்பக்கமாக மடித்துப் பிடித்துக்கொள்ளலாம். கை வலிக்கவே இல்லை. தமிழ் வாத்தியாராக நான் முகம் சுளித்த புத்தகம்தான் அது. வார்டில் அதுதான் ராஜா.

மாத நாவல் என்றதும் அந்த கிளீனர் பையனைச் சொல்லாமல் இருக்க முடியாது. அரூர் பக்கத்துப் பையன், இருபது வயசிருக்கும். ஒரு துப்பறியும் கதையை எடுத்து, பக்கத்துக் கட்டில் தாத்தாவுக்கு எழுத்து தெரியாது என்பதால் சத்தமாகவே படித்தான். சாயங்காலத்துக்குள் எதிர்வரிசையும் காது கொடுக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு பண்ணையில் கொலை. ஆனால் செத்தது யார் என்றே தெரியவில்லை! "ஏன் டீச்சர், எடுத்ததுமே மூணாம் பக்கத்துல ஆரம்பிக்குது?" என்றான். வாங்கிப் பார்த்தேன். நடுவில் பின் அடித்த புத்தகத்தில் வெளித்தாள் ஒன்று கழன்றால் முதல் இரண்டு பக்கமும் கடைசி இரண்டு பக்கமும் சேர்ந்தே போகும். ஒரே தாள்தானே. செத்தது யார் என்பது முதல் பக்கத்தில், கொன்றது யார் என்பது கடைசிப் பக்கத்தில். இரண்டும் எந்த வீட்டுப் பரணிலோ கிடக்கிறது.

மூன்று நாள் வார்டே சண்டை போட்டது. தாத்தா, "மருமவன்தான், வேற எவன்?" என்று ஒரே பிடி. நைட் டியூட்டி சிஸ்டர்கூட என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "முடிவு தெரிஞ்சுதா மேடம்?" என்றார்கள். தர்மபுரியில் பழைய பேப்பர் கடைகளில் ஏறி இறங்கினேன், கிடைக்கவில்லை. பையன் ஊன்றுகோல் வைத்து நடந்து வீட்டுக்குப் போனபோது, "கண்டுபிடிச்சா சொல்லுங்க டீச்சர்" என்றுவிட்டுப் போனான். இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது இரண்டாவது கடிதம். மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் ஒட்டினேன். படிக்கிறேன்.

"ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். எலும்பு முறிவு வார்டில் மாதக்கணக்கில் மல்லாந்தே படுத்திருப்பவர்களுக்கு 40 புத்தகம் வேண்டும். இருக்கிற அலமாரியில் அதற்குமேல் இடமில்லை. தராசில் வைத்தால் கால் கிலோவுக்குள் இருக்க வேண்டும். மாத நாவல், சிறுகதை, வார இதழ், நகைச்சுவை, பெரிய எழுத்துக் கதை எல்லாம் சரி. பாடப் புத்தகமும் கைடும் வேண்டாம். கொடுக்கும் முன் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். புரட்டி முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடையோ ராமபாணப் பூச்சியோ இருந்தால் வேண்டாம், வார்டில் ஆறாத புண்ணோடு இருக்கிறார்கள். அந்துருண்டை போட்ட புத்தகமும் வேண்டாம், வாடை தாங்காது. உள்ளே வைத்த பணம், பாஸ்புக், ஜாதகம் இருந்தால் எடுத்துவிடுங்கள். ரத்தமோ சீழோ பட்ட புத்தகத்தை அங்கேயே கழித்துவிடுவோம், அதனால் திருப்பிக் கேட்கிற புத்தகத்தைத் தர வேண்டாம். வருகிற ஞாயிறு காலை பால் சொசைட்டியில் இருப்பேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐம்பத்திரண்டு வந்தது. கழித்தது ஆறு. பால் சொசைட்டியில் ஒருவர் நிஜமாகவே தராசில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார்! கால் தொங்குகிற போட்டோ ஒன்று போட்டால் இன்னும் வருமே என்று ஒரு தம்பி யோசனை சொன்னான். படுத்திருக்கிறவர் யாரோ வீட்டுப் பிள்ளை, சுவரில் ஒட்டுவதற்கில்லை என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷமாம். இன்னும் மூன்று விஷயம் எழுதி வைத்திருந்தேன்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். விபத்தில் வருகிறவருக்கு மூக்குக்கண்ணாடி ரோட்டிலேயே போய்விடுகிறது. நாற்பது வயசு தாண்டியவர் புத்தகத்தை வாங்கி, கை எட்டுகிற தூரத்துக்கு நீட்டிப் பார்த்துவிட்டு மார்பில் கவிழ்த்துக்கொள்வார். படிக்கப் பிடிக்கவில்லை போல என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது ஒன்றரை பவரிலும் இரண்டு பவரிலும் நாலைந்து ரெடிமேட் கண்ணாடி அலமாரியில் கிடக்கிறது. வாங்கிப் போட்டால் போதும், சரியாகப் படிக்கிறார்கள்.

அப்புறம், கிருஷ்ணகிரிப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேப்பனப்பள்ளிக்காரர் ஒருவர் ஐந்தாவது வாரமாகப் படுத்திருக்கிறார். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரிந்தது தெலுங்குதான். எங்கள் நாற்பதில் தெலுங்கு ஒன்றுகூட இல்லை. உங்கள் வீட்டில் சின்னதாக, முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் உள்ளதாக ஒன்று இருந்தால்... சரி, சிவப்பு விளக்கு போட்டுவிட்டார்கள். வணக்கம்.