அண்ணாச்சி கடையில் காணாமல் போன 75,000 ரூபாய்

நேயர்களுக்கு வணக்கம். சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். ஒரு பாத்திரக்கடையில் நடந்த விஷயத்தைச் சொல்கிறேன். கடை எந்த ஊர், யாருடையது என்பதெல்லாம் வேண்டாமே.

ஒரு நாள் ராத்திரி கடை அடைத்த பிறகு அந்த அண்ணாச்சி என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு நீள நோட்டு. "தம்பி, மூணு மாசத்துல முக்கால் லட்ச ரூபாய்க்குச் சரக்கு காணாமப் போயிருக்கு. குடோன்ல நிக்கிற பையன்மேலதான் எனக்குச் சந்தேகம். போலீஸ்ல சொல்றதுக்கு முன்னால நீங்க ஒரு தடவை கணக்கைப் பாத்துடுங்க" என்றார்.

நோட்டைப் பிரித்தேன். மூன்று மாத ஆரம்பத்தில் இருப்பு, அடக்க விலையில் 12 லட்சம். இடையில் வாங்கிய சரக்கு இன்னொரு 12 லட்சம். விற்பனை 15 லட்சம். இதெல்லாம் ஜி.எஸ்.டி. நீங்கலான தொகை, அதில் அவர் சரியாகவே இருந்தார். வரியையும் விற்பனையோடு சேர்த்துவிட்டால் எந்தச் சதவீதமும் ஒழுங்காக வராது.

அடுத்த வரியில்தான் வினை. "நமக்கு 25 சதவீத லாபம். ஆகவே விற்ற 15 லட்சத்தில் லாபம் 3,75,000. மிச்சம் 11,25,000 விற்ற சரக்கின் அடக்கம்" என்று எழுதியிருந்தார். மொத்தம் 24 லட்சம் சரக்கில் அதைக் கழித்தால், குடோனில் 12,75,000 ரூபாய்க்குச் சரக்கு இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 12 லட்சத்துக்குத்தான் இருந்தது. அப்படியானால் 75,000 எங்கே? பையன் எடுத்துவிட்டான். அவர் கணக்கு இப்படிப் போனது.

நான் உடனே பதில் சொல்லவில்லை. அலமாரியில் இருந்த ஒரு பித்தளைக் குத்துவிளக்கைக் காட்டி, "இதுக்கு எப்படி விலை போட்டீங்க, அண்ணாச்சி?" என்று கேட்டேன். சீட்டில் விற்கிற விலை ரூபாயிலும், அடக்க விலை அவருக்கு மட்டும் புரிகிற எழுத்திலும் இருந்தது. பழைய கடைகளில் இன்னும் அந்த வழக்கம் உண்டு. பத்து எழுத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை வைத்துக்கொள்வார்கள். எதிரில் நிற்கும் வாடிக்கையாளருக்கு ஒன்றும் விளங்காது. அதை அவரே படித்துச் சொன்னார்: "லாரி வாடகையோட அடக்கம் 800. அதுமேல கால்வாசி வச்சு 1,000."

சரி, கையில் நிற்பது 200 ரூபாய். அது எத்தனை சதவீதம்?

800க்கு 200 என்றால் 25 சதவீதம். 1,000க்கு 200 என்றால் 20 சதவீதம். விளக்கு ஒன்று, விலை ஒன்று, லாபமும் ஒன்று. எதோடு ஒப்பிடுகிறோம் என்பது மட்டும்தான் மாறுகிறது. அடக்க விலையின் மேல் வைப்பதை மார்க்கப் என்கிறார்கள். விற்ற விலையில் எத்தனை பங்கு லாபம் என்று பார்ப்பதுதான் மார்ஜின். அடக்க விலை எப்போதும் சிறிய எண் என்பதால் மார்க்கப் பெரியதாகத் தெரியும். விற்பனை விலை பெரிய எண் என்பதால் மார்ஜின் சிறியதாகத் தெரியும். இரண்டுமே சரியான கணக்குதான்.

அண்ணாச்சி செய்த தவறு, அடக்கத்தின் மேல் வைத்த 25-ஐ எடுத்து விற்பனைத் தொகையின் மேல் போட்டது. விற்பனையில் அவருடைய லாபம் 20 சதவீதம். 15 லட்சத்துக்கு அது 3 லட்சம். விற்ற சரக்கின் அடக்கம் 12 லட்சம். 24 லட்சத்தில் 12 லட்சம் போனால் இருப்பு 12 லட்சம். சில நூறு ரூபாய் முன்னே பின்னே இருந்ததைத் தவிர, குடோனில் எண்ணியதும் அதுவேதான். ஒரு கரண்டிகூடக் காணாமல் போகவில்லை.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப இத்தனை வருஷமா நான் 25ன்னு நினைச்சுக்கிட்டு 20லதான் ஓடிக்கிட்டிருக்கேனா?" என்று கேட்டார். ஆமாம். கடை வாடகை, சம்பளம், கரண்ட் பில் எல்லாம் கல்லாவில் விழும் பணத்திலிருந்துதான் போகிறது. எனவே செலவுக்குத் தாங்குமா என்று பார்க்கும்போது மார்ஜினைத்தான் பார்க்க வேண்டும். சீட்டு ஒட்டும்போது கையில் இருப்பது அடக்க விலை மட்டும். அங்கே மார்க்கப்தான் வசதி.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக கால்குலேட்டர் வேண்டாம். பின்னமாக நினைத்துக்கொள்ளுங்கள். அடக்கத்தில் நாலில் ஒரு பங்கு வைத்தால், விற்பனையில் அது ஐந்தில் ஒரு பங்கு. மூன்றில் ஒரு பங்கு வைத்தால் நாலில் ஒரு பங்கு. அடக்கத்துக்குச் சமமாக, அதாவது 100 சதவீதம் வைத்தாலும், விற்பனையில் பாதிதான். கீழே இருக்கும் எண்ணோடு ஒன்று கூட்டினால் போதும். ஏன் ஒன்று? விற்பனை விலைக்குள் அடக்கமும் இருக்கிறது, வைத்த அந்த ஒரு பங்கும் இருக்கிறது.

அண்ணாச்சிக்கு நிஜமாகவே விற்பனையில் 25 வேண்டுமானால், அந்த 800 ரூபாய் நான்கில் மூன்று பங்காக இருக்க வேண்டும். 800-ஐ மூன்றால் வகுத்து நான்கால் பெருக்கினால் ஏறக்குறைய 1,067 ரூபாய். கூடுதலாக வேண்டியது 67 ரூபாய். பக்கத்துக் கடை 1,000க்குக் கொடுக்கும்போது அந்த 67 ரூபாய் கிடைக்குமா என்பது வேறு கதை.

இந்தக் குழப்பம் பெரிய இடங்களிலும் உண்டு. 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின் 7ஆம் பத்தி, உச்ச விலை நிர்ணயிக்கும்போது சில்லறைக் கடைக்காரருக்கு 16 சதவீதம் "மார்ஜின்" தர வேண்டும் என்கிறது. எதில் 16? கடைக்காரருக்கு வரும் விலையில். 100 ரூபாய்க்கு வருவதை, வரி நீங்கலாக 116க்கு விற்கலாம். பெயர் மார்ஜின், ஆனால் கணக்கு மார்க்கப். 116ல் 16 என்பது ஏறக்குறைய 13.8 சதவீதம்தான். எந்த விலையின் மேல் என்று ஆணையிலேயே எழுதியிருப்பதால் அங்கே சண்டை இல்லை. ஆனால் ஒரு ஏஜென்ட் உங்கள் கடைக்கு வந்து "20 பர்சன்ட் மார்ஜின் தர்றோம்" என்றால், அச்சிட்ட விலையிலா, எனக்குப் போடும் பில்லிலா, வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், ஒரு பொருளைச் சொல்லி, வாங்குவது எத்தனை ரூபாய், விற்பது எத்தனை ரூபாய் என்று கேளுங்கள். ரூபாயில் குழப்பம் வராது.

அந்த நோட்டைப் பார்த்த அதே ஆண்டு, ஆடி மாதம் அண்ணாச்சி மறுபடி வந்தார். "25 சதவீதம் வச்சிருக்கோம்ல, 20 சதவீதம் தள்ளுபடின்னு போர்டு வைக்கப் போறேன். அஞ்சு நிக்குமே!" என்றார். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. தள்ளுபடி எப்போதும் சீட்டு விலையில்தான் போகும். 1,000ல் 20 சதவீதம் போனால் மிஞ்சுவது 800. அதுதான் அடக்கம். ஆடி முழுக்க கூட்டம் அலைமோதும், லாபம் சுழியம்.

10 சதவீதம் என்றால் 900க்கு விற்று 100 ரூபாய் நிற்கும். தள்ளுபடி பத்து சதவீதம்தான், ஆனால் லாபம் பாதியாகிவிடுகிறது. பழைய லாபத்தைப் பார்க்க ஒரு விளக்கு விற்ற இடத்தில் இரண்டு விற்றாக வேண்டும். ஆடியில் அது நடக்கும் என்று அண்ணாச்சி சொன்னார், அவர் ஊர் அவருக்குத்தானே தெரியும். 10 என்றே எழுதச் சொன்னார். ஏணி போட்டு ஏறி அந்தப் போர்டை மாட்டியது குடோன் பையன்தான். அவன்மேல் ஒரு காலத்தில் சந்தேகம் இருந்தது அவனுக்கு இன்றுவரை தெரியாது. நன்றி, வணக்கம்.