தேவாலயம் கையெழுத்துப் போடுகிறது, கோயில் ஊர் கேட்கிறது

கேள்வி: "சார், குடிபெயர்வு ஆய்வுப் பாடத்துக்கு ஓர் அறிக்கை எழுத வேண்டும். புதிதாக வந்தவர்கள் காலூன்றக் கோயிலும் தேவாலயமும் செய்யும் உதவி ஒரே மாதிரிதானா?"

இல்லைங்க. கனடாவைப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும். அங்கே அகதிகளை அழைக்கும் தேவாலயம், ஆள் வந்து இறங்குவதற்கு முன்பே அரசோடு ஒப்பந்தம் போட்டுப் பொறுப்பேற்கிறது. 1979இல் மெனோனைட் மத்தியக் குழு என்ற கிறிஸ்தவ அமைப்புதான் அப்படி முதலில் கையெழுத்துப் போட்டது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் வியட்நாம், லாவோஸ், கம்போடியாவிலிருந்து சுமார் 60,000 பேர் வந்தார்கள். அதில் பாதிக்கு மேல் இந்த மாதிரித் தனியார் பொறுப்பில் வந்தவர்கள்.

பொறுப்பு என்றால் பொதுவாக 12 மாதத்துக்கு வாடகை, சாப்பாடு, துணிமணி எல்லாம். சபையில் சிலர் குழுவாகச் சேர்ந்து, குளிர் அங்கியோடு விமான நிலையத்துக்குப் போவார்கள். அப்புறம் வங்கிக் கணக்கு, பிள்ளைகளுக்குப் பள்ளி, பெரியவர்களுக்கு மொழி வகுப்பு. சிக்கல் வருவது பணத்தில்தான். மாதப் பணத்தைக் குழுவினர் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால், "இப்போது டிவி எதற்கு?" என்று கேட்கும் உரிமையும் அவர்களுக்கு வந்துவிடுகிறது. குடும்பத்தின் சொந்தக் கணக்கிலேயே போட்டுவிட்டால் அந்தப் பேச்சு குறையும். நேர்காணலில் பணம் யார் கையில் இருந்தது என்று கட்டாயம் கேளுங்கள். 13ஆவது மாதம் எப்படிப் போனது என்றும் கேளுங்கள். வேலை கிடைக்காதவர்கள் அப்போதுதான் மாகாண அரசின் உதவித்தொகைக்குப் போவார்கள்.

கோயில் கதை வேறு. 1983க்குப் பிறகு கனடா போன ஈழத்தமிழர் பலர் தாங்களாகவே போய் அடைக்கலம் கேட்டவர்கள். முன்கூட்டிப் பொறுப்பேற்க யாரும் இல்லை. டொராண்டோவின் ஸ்கார்பரோ பக்கம் கிடங்குக் கட்டடங்களில்கூடக் கோயில் எழுந்தது. பூசை முடிந்து சாப்பிட உட்காரும்போது பக்கத்திலிருப்பவர் "தம்பி எந்த ஊர்?" என்பார். ஊரைச் சொன்னால் தெரிந்தவர் ஒருவர் கிடைப்பார். அவர் வழியாக பேஸ்மென்டில் ஓர் அறை, உணவகத்தில் வேலை, நல்ல வழக்கறிஞர் என்று ஒவ்வொன்றாக அமையும். இதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அதனால் கோயில் உதவியே செய்யவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

ஆனால் அதே ஊர்க் கேள்வி சாதியையும் குடும்பக் கதையையும் கிளறும். கணவனை விட்டுப் பிரிந்து வந்த பெண், அந்தக் கேள்விக்குப் பயந்தே கோயில் பக்கம் போகாமல் இருக்கலாம். கோயிலில் மட்டும் ஆள் பிடித்துப் பேசினால் அவர் உங்கள் அறிக்கையில் வரவே மாட்டார். மொழி வகுப்பிலும் தமிழ்க் கடைகளிலும் விசாரியுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஈழத்துக் கத்தோலிக்கர் தமிழ்ப் பூசைக்குப் போகிறார்களே, அந்தத் தேவாலய வாசலிலும் இதே ஊர் விசாரிப்புத்தான், இதே அறை, இதே வேலை. அப்படியானால் உதவியின் வடிவத்தை முடிவு செய்வது மதம் அல்ல, ஒருவர் நாட்டுக்குள் வந்த வழி. என்னைக் கேட்டால் உங்கள் அறிக்கையே இதைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். எனவே எந்த மதம் என்று கேட்பதற்கு முன், எந்த ஆண்டு, யார் பொறுப்பில் அல்லது யாருமே இல்லாமல் வந்தீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.