பயோவா மெட்ஸா: பதில் ஒன்பதாம் வகுப்பிலேயே முடிவாகிறதா?

[திரையில்: வெள்ளவத்தை, மாலை. டியூஷன் விட்டு வெளியே வரும் பிள்ளைகள்]

வணக்கம். பெண் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் என்றால் பயம் என்று யாராவது சொன்னால், இங்கே ஒரு உயர்தர பயோ வகுப்பை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பெண்கள்தான் நிறைந்திருப்பார்கள். மெட்ஸ் வகுப்பில் கதை தலைகீழ்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு பிரிவுக்கும் இரசாயனவியல் பொது, பௌதிகவியலும் பெரும்பாலும் பொது. மிச்சமிருக்கும் ஒரு பாடத்தில்தான் பாதை பிரிகிறது: இணைந்த கணிதமா, உயிரியலா? சாதாரண தரம் வரைக்கும் கணிதம் எல்லாருக்கும் கட்டாயம், அதில் ஏ எடுத்த பிள்ளையே "மெட்ஸ் எனக்குச் சரிவராது" என்று சொல்கிறது என்றால், அந்த எண்ணம் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும்.

வீட்டில் இருந்து வரும். "பொம்பிளைப் பிள்ளைக்கு டொக்டர் வேலைதான் பொருத்தம்" என்று சொல்ல ஒரு மாமா எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். அவரை ஒரு ஆசிரியர் மாற்ற முடியாது. ஆனால் நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்று ஆசிரியர் கையில் இருக்கிறது, அதற்குள் கேள்வி யாருக்குப் போகிறது என்பதை மட்டும் இன்றைக்குப் பார்ப்போம்.

[திரையில்: கையால் வரைந்த இருக்கை வரைபடம், ஒரு பென்சில்]

வழி சுலபம். யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் வரைந்து, பக்கத்து வகுப்பு டீச்சரிடம் கொடுத்துப் பின்வாங்கில் இருத்துங்கள். நீங்களே எண்ண வேண்டாம், படிப்பித்துக்கொண்டே எண்ணினால் நினைவு ஏமாற்றும், "நான் எல்லாரையும் சமமாகத்தான் கேட்கிறேன்" என்று எல்லாருமே உண்மையாக நம்புகிறோம். ஒரு கேள்வி போனால் அந்தப் பிள்ளையின் கட்டத்தில் ஒரு கோடு. "ஏன்", "எப்படி" என்று யோசிக்க வைக்கும் கேள்வி என்றால் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம்.

ஒரு கற்பனை வகுப்பு. ஒன்பதாம் வகுப்பு, 16 பொடியன்கள், 18 பெண் பிள்ளைகள். மொத்தம் 40 கேள்வி: பொடியன்களுக்கு 26, பெண்களுக்கு 14. தலைக்கு என்று பார்த்தால் இரண்டு மடங்கு வித்தியாசம். சரி, இன்னும் கிட்டப் போய்ப் பாருங்கள். அந்த 26இல் 15, கையை உயர்த்தியபடியே இருக்கும் நான்கு பேருக்குப் போயிருக்கிறது. மற்றப் பன்னிரண்டு பொடியன்களும் பெண்களைப் போலவே சும்மா இருந்திருக்கிறார்கள்! வட்டங்களையும் எண்ணுங்கள்: 12 வட்டத்தில் பெண்களுக்கு இரண்டுதான். "சூத்திரத்தைச் சொல்லு" அவர்களுக்கு, "ஏன் அப்படி வருகிறது" அந்த நால்வருக்கு. பெண் பிள்ளை பாடமாக்குவாள், பொடியன் யோசிப்பான் என்று யாரும் வாயால் சொல்லவே தேவையில்லை, வகுப்பே அதைத் தினமும் காட்டிக்கொண்டிருக்கிறது.

[திரையில்: பால்மாத் தகரத்துக்குள் ஐஸ்பழக் குச்சிகள்]

குச்சிக்கு ஒரு பெயர் எழுதித் தகரத்தில் போடுங்கள். ஒழுங்கு முக்கியம்: முதலில் கேள்வி, அப்புறம் மௌனம், அதற்குப் பிறகே குச்சி. பெயரை முதலில் கூப்பிட்டால் மற்ற 33 பேரும் ஓய்வெடுத்துவிடுவார்கள். எடுத்த குச்சியைத் திரும்பத் தகரத்திலேயே போடுங்கள், இல்லாவிட்டால் பதில் சொல்லி முடித்தவர் அன்றைக்குத் தூங்கலாம்.

மௌனம் எவ்வளவு நேரம்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று வினாடி ஆக்கியபோது பதில்கள் நீண்டன, பேசாதிருந்த பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று வினாடிதானே என்று நினைப்பீர்கள், வகுப்பில் நின்று பாருங்கள், யுகமாகத் தெரியும்.

"தெரியாது" என்று ஒரு பிள்ளை சொன்னால் உடனே உயர்ந்த கைக்குத் தாவாதீர்கள். இன்னும் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டுத் திரும்ப வந்து, "இந்த இரண்டில் எது சரி என்று நினைக்கிறாய், ஏன்?" என்று கேளுங்கள். "இதைப் பெண் பிள்ளைகள் யாராவது சொல்லுங்கள்" என்பது மட்டும் வேண்டாம். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் அவர்களுக்குச் சலுகை தேவை என்று வகுப்புக்கு அறிவிப்பது போல ஆகிவிடும். பொடியன்கள் எதிர் பெண்கள் வினாவிடைப் போட்டியும் அந்த ரகம்தான்.

[திரையில்: மின்கலம், வயர், சிறு மின்குமிழ்]

செய்முறையிலும் இதே கதை. மின்சுற்றைப் பூட்டுவது பொடியன், வடிவாக எழுதுவது பெண் பிள்ளை. நால்வர் குழுவில் பூட்ட ஒருவர், அளக்க ஒருவர், எழுத ஒருவர், விளக்கிச் சொல்ல ஒருவர் என்று பிரித்து, பாதியில் மணி அடித்து மாற்றுங்கள். மூன்று பொடியன்களுக்கு நடுவே ஒரு பெண்ணை விட்டால் அவள் எழுதுவதிலேயே நின்றுவிடக்கூடும், இரண்டுக்கு இரண்டு நல்லது.

பெண்கள் பாடசாலை என்றால்? அங்கேயும் தாளை எடுங்கள், முன்வாங்கு நால்வர் அங்கேயும் இருப்பார்கள்.

ஒரு மாதம் கழித்துத் திரும்ப எண்ணும்போது கோடுகள் சமமாகியிருக்கும், வட்டங்கள் அப்படியே இருக்கலாம். ஏனென்றால் யாரைக் கேட்பது என்பதைத்தான் குச்சி தீர்மானிக்கிறது, எதைக் கேட்பது என்பதை இல்லை. பெண் பிள்ளையின் பெயர் வந்ததும் நாமே அறியாமல் கேள்வியை இலகுவாக்கிவிடுகிறோம். அதனால் நாலைந்து "ஏன்" கேள்விகளை முதல்நாளே பாடக்குறிப்பில் எழுதிவைத்து, யார் பெயர் வந்தாலும் எழுதியபடியே கேளுங்கள்.