மூன்று மூச்சுக்குள் ஒரு வேண்டுதல்

(பயிற்சி முடித்து வார்டுக்குப் போகவிருக்கும் செவிலியர்களிடம் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். நைட் டியூட்டியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இத்தனை வருஷம் பார்த்ததில் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் நான் இன்றைக்கு அரை நிமிஷ விஷயம் ஒன்றைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன். ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போகும்போது நான் வாய்க்குள் முணுமுணுக்கும் மூன்று வரி. சாமி கும்பிடச் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறேன் என்று பயந்துவிடாதீர்கள்.

வரிகள் இவைதான். "பார்த்துவிட்டு வந்தவரை நீ பார்த்துக்கொள். பார்க்கப் போகிறவரை நான் முழுசாகப் பார்க்கவேண்டும். என் கையால் இவருக்குத் தீங்கு வரக்கூடாது." அவ்வளவுதான். யாரிடம் சொல்கிறேன் என்பது எனக்கும் அவருக்கும் உள்ள விஷயம், உங்களுக்கு வேறு பெயர் இருக்கலாம், பெயரே இல்லாமலும் இருக்கலாம்.

இதற்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நேரம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு நோயாளியைத் தொட்டுவிட்டு அடுத்தவரைத் தொடும் முன் கையில் ஹேண்ட் ரப் போட்டுத் தேய்க்கிறோம் இல்லையா, அதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நேரம் 20 முதல் 30 விநாடி. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகநுனி எல்லாம் தேய்த்துக் கை காய்வதற்கு அவ்வளவு ஆகும். ராத்திரி மூன்று மணிக்கு எத்தனை பேர் அவ்வளவு நேரம் தேய்க்கிறோம்? ஈரம் காயும் முன்பே திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுகிறோம். நான் முதலில் இந்த வரிகளைப் பிடித்துக்கொண்டதே, உண்மையைச் சொன்னால், கை தேய்க்கும் நேரத்தை அளப்பதற்குத்தான். பக்தி அப்புறம் வந்தது.

ஒரு வரிக்கு ஒரு மூச்சு. மெதுவாக இழுத்து, விடும்போது வரியைச் சொல்வது. 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பெர்னார்டி என்பவரும் அவருடைய குழுவும் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார்கள். 23 ஆரோக்கியமான ஆட்களை ஜெபமாலை சொல்லவைத்தார்கள், ஒரு மந்திரமும் சொல்லவைத்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிஷத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது, இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் அந்தத் தாளத்துக்கு வந்து சேர்ந்தது. 23 பேரை வைத்துப் பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாது, அவர்கள் யாரும் வார்டில் ஓடிக்கொண்டிருந்தவர்களும் இல்லை. ஆனாலும் நிமிஷத்துக்கு ஆறு மூச்சென்றால் ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி, மூன்று வரிக்கு முப்பது விநாடி. கையும் காய்ந்திருக்கும், சரியாக இருக்கிறதா? (கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் வயிற்றுப்போக்கு உள்ள படுக்கையிலிருந்து வந்தால் ஹேண்ட் ரப் போதாது, அந்தக் கிருமியின் விதைகளை ஆல்கஹால் கொல்லாது, சோப்பும் தண்ணீரும்தான். அதற்கு 40 முதல் 60 விநாடி. வேண்டுதலை இரண்டு தடவை சொல்லிக்கொள்ளுங்கள்.)

இரண்டாவது வரி பின்னால் சேர்ந்தது. ஏன் சேர்ந்தது என்று சொல்கிறேன்.

ஒரு ராத்திரி ஏழாம் படுக்கையில் இருந்தவர் இறந்துபோனார். எதிர்பார்த்ததுதான், ஆனால் அவருடைய மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அங்கிருந்து நேராக எட்டாம் படுக்கைக்குப் போனேன். இரத்த அழுத்தம் பார்த்தேன், காய்ச்சல் பார்த்தேன், மூச்சு எண்ணிக்கைக்கு 18 என்று எழுதினேன். எண்ணவில்லை. கை தானாக எழுதிவிட்டது. காலையில் சார்ட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது, அந்தப் பக்கத்தில் எனக்கு முன்னால் எழுதியவர்களும் எல்லா நேரத்திலும் 18தான் எழுதியிருந்தார்கள். அந்த நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, அது என் அதிர்ஷ்டம். நான் எட்டாம் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றேனே தவிர ஏழாம் படுக்கையை விட்டு வரவே இல்லை. அன்றிலிருந்து இந்த வரி.

சில மாதம் கழித்து இன்னொரு ராத்திரி. வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை முடிந்த ஒரு அம்மா, வலிக்கு மார்ஃபின் ஓடிக்கொண்டிருந்தது, மூக்கில் ஆக்சிஜன். மணி நாலு, உடம்பு தன்னைத்தானே அணைத்துக்கொள்ளப் பார்க்கும் நேரம். விரலில் மாட்டிய கருவி 96 காட்டியது. அமைதியாகத் தூங்குகிறார், எழுப்பவேண்டாம் என்றுதான் யாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் "முழுசாக" என்ற சொல்லை அப்போதுதான் சொல்லிவிட்டு வந்திருந்தேன், வாய் சொன்னதைக் கை மீற வெட்கமாக இருந்தது. அதனால் மார்பைப் பார்த்து முழு ஒரு நிமிஷம் எண்ணினேன். எட்டு.

இங்கேதான் கவனிக்கவேண்டும். ஆக்சிஜன் ஓடும்போது மூச்சு குறைந்தாலும் அந்த 96 கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். உள்ளே கரியமில வாயு சேர்ந்துகொண்டிருக்கும், கருவிக்கு அது தெரியாது. தோளைத் தட்டிக் கூப்பிட்டேன், கண்ணைத் திறந்து பாதிச் சொல்லிலேயே மறுபடி மூடிவிட்டார். கண்மணி குண்டூசித் தலை அளவில் இருந்தது. மார்ஃபினை நிறுத்தினேன், உதவிக்குக் குரல் கொடுத்தேன், தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு "அம்மா, மூச்சு இழுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். டாக்டர் வந்து நலாக்சோனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார், மொத்தமாகக் கொடுத்தால் வலி ஒரே அடியாகத் திரும்பிவிடும். பத்து நிமிஷத்தில் மூச்சு 14 ஆனது. அதோடு விட்டுவிடக்கூடாது, நலாக்சோன் முக்கால் மணியிலோ ஒரு மணியிலோ வேகம் குறையும், மார்ஃபின் அதைவிட அதிக நேரம் உடம்பில் நிற்கும், மயக்கம் திரும்ப வரலாம். அதனால் விடியும்வரை அவரைத் திரும்பத் திரும்ப எழுப்பி எண்ணிக்கொண்டிருந்தேன்.

வேண்டுதல்தான் காப்பாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். காப்பாற்றியது எண்ணியது. வேண்டுதல் என்னை எண்ணவைத்தது.

சொல்லக்கூடாத இடமும் உண்டு. மருந்து எடுக்கும்போது, அளவு கணக்குப் போடும்போது, ஊசியில் ஏற்றும்போது வேண்டாம். அங்கே மனசு சீட்டில் இருக்கும் பெயரிலும் எண்ணிலும் இருந்தால் போதும். அப்புறம், சத்தம் வரக்கூடாது. ஒரு தடவை உதடு அசைந்ததை ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, "என்ன சிஸ்டர், எனக்காக வேண்டுறீங்களா, அவ்வளவு மோசமாவா இருக்கேன்?" என்று நடுங்கிப்போய்க் கேட்டார். மறுநாள் வீட்டுக்குப் போகவேண்டியவர்! அவரைச் சமாதானப்படுத்தக் கால் மணி நேரம் ஆனது. நோயாளியே கேட்டால் பக்கத்தில் நின்று அவருடைய வேண்டுதலுக்குத் துணை நிற்கலாம், நாமாகப் போய்த் தொடங்கக்கூடாது. அன்றிலிருந்து திரைச்சீலைக்கு வெளியிலேயே முடித்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

அந்த மார்ஃபின் அம்மா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். காலையில் டியூட்டி மாறும்போது நன்றாக உட்கார்ந்திருந்தார், வந்த சிஸ்டரிடம் என்னைக் காட்டிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்தப் பொண்ணு ராத்திரி பூரா என்னைத் தூங்கவே விடலம்மா."