ஒரு வாரத்தின் இரண்டு கரைகள்

(கிளை நூலக வாசகர் வட்டம் நடத்திய நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தலைமை ஆசிரியர் அம்மா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் ஐயா அவர்களே, காலை எட்டு மணிக்கே வந்து நாற்காலி போட்ட வாசகர் வட்டத் தோழர்களே, முன்வரிசையில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் குழந்தைச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். நூலகர் அவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். நான் கேட்ட ஓர் ஆவணத்தை மூன்று வாரம் அலைந்து தேடி, அச்செடுத்துக் கொடுத்தவர் அவர். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நூலக வாரம் நவம்பர் 14இல் தொடங்கி 20இல் முடிகிறது. 14 நேரு பிறந்த நாள், நமக்குக் குழந்தைகள் தினம். 20 உலகக் குழந்தைகள் தினம். ஒரே வாரத்தின் இரண்டு கரையில் இரண்டு குழந்தைகள் தினம் நிற்கிறது. ஆசிரியர் தினமும் அப்படித்தான். நமக்கு செப்டம்பர் 5, உலகுக்கு அக்டோபர் 5, இலங்கையில் அக்டோபர் 6, மலேசியாவில் மே 16. ஏன் இந்த வேறுபாடு? ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கும்போது நாடுகள் மூன்றில் ஒன்றைத்தான் பிடித்துக்கொள்கின்றன: ஒரு மனிதர், ஓர் ஏடு, ஒரு காயம். மூன்றையும் சொல்கிறேன்.

மனிதர் என்றால் நமக்கு எளிதில் விளங்கும். 1962இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரானார். பிறந்த நாளைக் கொண்டாட அனுமதி கேட்டவர்களிடம், அதை ஆசிரியர்களுக்கான நாளாகக் கொண்டாடுங்கள் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். திருத்தணியில் 1888இல் பிறந்த ஒருவரின் பிறந்த நாள் அப்படித்தான் நாடு முழுக்கப் பரவியது. தென்கொரியாவில் மே 15, கொரிய எழுத்தை உருவாக்கிய செஜோங் மன்னரின் பிறந்த நாள். அர்ஜென்டினாவில் செப்டம்பர் 11, பள்ளிகளைப் பெருக்கிய சர்மியெந்தோ 1888இல் இறந்த நாள். எங்கு போனாலும் அந்த ஊருக்கு ஒரு பெரிய வாத்தியார் இருப்பார்.

இனி ஏடு. 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று என் தகப்பனார் வாய்க்கு வாய் சொல்வார். அந்தப் பழமொழியை நானும் விடுவதில்லை. ஆனால் சில நாடுகள் சுரைக்காயை ஏட்டில் எழுதிய நாளையே திருநாளாக வைத்திருக்கின்றன. மலேசியாவின் மே 16, ரசாக் கல்வி அறிக்கையை 1956இல் அங்கே சட்டமன்றம் ஏற்ற நாள். தமிழ்த் தொடக்கப் பள்ளிகளுக்கும் அந்தக் கல்வி அமைப்பில் இடம் கிடைத்தது அந்த அறிக்கையின் வழியாகத்தான்.

குழந்தைகள் தினத்துக்கு வருவோம். 1954இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை எல்லா நாடுகளும் ஒரு குழந்தைகள் தினம் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டது. எந்தத் தேதி என்று கட்டளை போடவில்லை. அந்தந்த அரசு தனக்குப் பொருத்தமான நாளை வைத்துக்கொள்ளலாம் என்றது. துருக்கி தன் நாடாளுமன்றம் 1920இல் கூடிய ஏப்ரல் 23ஐ வைத்திருக்கிறது, அன்று குழந்தைகளைத் தலைவர்களின் நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். நவம்பர் 20 எங்கிருந்து வந்தது? 1959இல் அதே நாளில் குழந்தைகள் உரிமைப் பிரகடனம் நிறைவேறியது. சரியாக முப்பது ஆண்டு கழித்து, 1989 நவம்பர் 20 அன்று, குழந்தைகள் உரிமை உடன்படிக்கை நிறைவேறியது. 1992இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. அதன் 42ஆவது பிரிவு, இதில் உள்ளதைப் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பரவலாகத் தெரியப்படுத்துவது அரசின் கடமை என்கிறது. 31ஆவது பிரிவு ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, இது உங்களுக்கு யாராவது சொன்னார்களா?

ஆசிரியர்களுக்கும் அப்படி ஓர் ஏடு உண்டு. 1966 அக்டோபர் 5 அன்று பாரிசில் நாடுகள் கூடி ஆசிரியர் தகுநிலை பற்றிய பரிந்துரையை ஏற்றன. நூலகர் அச்செடுத்துக் கொடுத்தது இதைத்தான், இதில் 146 பத்திகள். அதைக் கொண்டாடத்தான் 1994 முதல் உலக ஆசிரியர் தினம். அது வருவதற்கு வெகுகாலம் முன்பே பல நாடுகள் தத்தம் நாளை நிலைநிறுத்திவிட்டதால் அவற்றில் பல பழைய தேதியை மாற்றவில்லை. ஆசிரியர் அருமையான நிபுணர், அவர் நேரமும் உழைப்பும் வீணாகாதபடி பணி அமைய வேண்டும் என்கிறது 85ஆவது பத்தி. கற்பித்தல் அல்லாத வேலைகளைச் செய்யத் தேவையான இடத்தில் உதவி ஊழியர் வேண்டும் என்கிறது 87ஆவது பத்தி. இந்த 87க்குத்தான் நான் பத்தாண்டாக ஊர் ஊராகப் பேசிவருகிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். நான் ஈராசிரியர் பள்ளியில் இருந்தபோது ஒரு செப்டம்பர் 5. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வாரமாக ரகசியம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஐந்து ரூபாய் போட்டு மைப்பேனா வாங்கியிருந்தது எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன். காலை ஒன்பதரைக்குத் தொலைபேசி வந்தது. உதவித்தொகைப் பட்டியல் பன்னிரண்டு மணிக்குள் அலுவலகத்துக்கு வர வேண்டுமாம். இன்னோர் ஆசிரியை பயிற்சிக்குப் போயிருந்தார். சத்துணவு அம்மாவிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அங்கே போனால் கட்டம் மாறிவிட்டது, வங்கிக் கணக்கு எண்ணுக்குப் புதுக் கட்டம் சேர்த்திருக்கிறார்கள், திரும்ப எழுதுங்கள் என்றார்கள். தாழ்வாரத்தில் முழங்காலில் வைத்து அறுபத்திரண்டு பெயரையும் திரும்ப எழுதினேன். பக்கத்தில் என்னைப் போலவே நான்கு ஆசிரியர்கள்.

பள்ளிக்குத் திரும்பும்போது மணி நாலரை. பிள்ளைகள் போய்விட்டார்கள். என் நாற்காலியில் கனகாம்பர மாலை, வாடிக் கருத்திருந்தது. பேனா மேசைமேல். கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு முழுவதும் எழுதியிருந்தது. ஒரு பெண் பிள்ளை டீச்சராக நின்று வகுப்பு நடத்தியிருக்கிறாள். 'ஏழெட்டு ஐம்பத்தி நாலு' என்று இருந்தது. கீழே, 'சார் நாளைக்கு கொண்டாடலாம்'.

அந்த ஐம்பத்தி நாலை அறுபத்திரண்டு பிள்ளைகள் அன்று மனப்பாடம் செய்துவிட்டுப் போனார்கள். அதைத் திருத்த எனக்கு இரண்டு வாரம் ஆனது.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இவை தவிர வேறு எந்தக் கல்விசாரா வேலைக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் பட்டியல் எழுதுவதும் படிவம் நிரப்புவதும் கல்விப் பணிதான் என்று சொல்லிவிட்டால் அந்தப் பிரிவு கைகொடுக்காது. ஏட்டுச் சுரைக்காய். 87ஆவது பத்தி நடைமுறைக்கு வந்தால்தான் கைகொடுக்கும். தடை மட்டும் போதாது, அந்த வேலையைச் செய்ய வேறோர் ஆள் வேண்டும். ஐந்து தொடக்கப் பள்ளிக்கு ஓர் எழுத்தர். எங்கள் கோரிக்கை அவ்வளவுதான்.

மூன்றாவதாகக் காயம் பற்றிச் சொல்வதாக இருந்தேன். 1976 ஜூன் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவில், ஆப்பிரிகான்ஸ் மொழியில் படிக்க மாட்டோம் என்று ஊர்வலம் போன மாணவர்களைச் சுட்டார்கள். அந்த நாள்தான் இன்று ஆப்பிரிக்கக் குழந்தைகள் தினம். அதற்குத் தனிக் கூட்டமே வேண்டும். செயலாளர் தம்பி கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார்.

வட்டாரக் கல்வி அலுவலர் ஐயா அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். செப்டம்பர் 5 அப்படியே இருக்கட்டும். அக்டோபர் 5 அன்று இறைவணக்கக் கூட்டத்தில் 85, 87 இரண்டு பத்தியையும், நவம்பர் 20 அன்று 31ஆவது பிரிவையும் பிள்ளைகளே வாசிக்க அனுமதி தாருங்கள். எழுத்தர் கேட்கும் மனு நூலகரின் மேசையில் இருக்கிறது, 87ஆவது பத்தியின் தமிழாக்கம் முதல் பக்கத்தில். கையெழுத்துக்கு நானூறு இடம் விட்டிருக்கிறோம். பேனா நான் கொண்டுவந்திருக்கிறேன், அதே மைப்பேனா. நன்றி, வணக்கம்.