வர இயலாது என்று கல்லூரிக்குச் சொல்வது

நேயர்களுக்கு வணக்கம்.

ஜூலை, ஆகஸ்ட் வந்துவிட்டால் நம் கலைக் கல்லூரிகளில் துறை மன்றத் தொடக்க விழாக்கள் வரிசைகட்டி நிற்கும். பிப்ரவரி, மார்ச்சில் கருத்தரங்குகள். நிதியாண்டு முடிவதற்குள் செலவழித்தாக வேண்டிய தொகை ஒன்று எங்காவது மிச்சம் இருக்கும். அந்தந்தப் பருவத்தில் வெளியாள் ஒருவரைச் சிறப்புரைக்கு அழைப்பது வழக்கம். அலுவலக வேலை போக மிஞ்சிய நேரத்தில் கல்வெட்டு படிக்கிறவன் நான். அதனால் வரலாற்றுத் துறைகளிலிருந்து எனக்கும் அழைப்பு வரும். அப்படி வருகிற அழைப்பை மறுப்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். எல்லா மறுப்பையும் அல்ல. தேதி காலியாக இருக்கிறது, ஊரும் பக்கம்தான், போக ஆசையும் உண்டு, ஆனால் தயாரிக்க நேரம் இல்லை. அந்த ஒரு நிலைமை மட்டும். மற்றபடி, அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளராகப் பருவம் முழுக்கப் பாடம் நடத்துகிறவர்களின் பாடு வேறு. அதை இங்கே தொடவில்லை.

ஓர் அழைப்பை எடுத்துக்கொள்வோம். தொலைபேசியில் உதவிப் பேராசிரியர் ஒருவர் பேசுகிறார். "சார், அடுத்த வாரம் வியாழக்கிழமை. இரண்டாமாண்டு பி.ஏ. பசங்க, ஒரு மணி நேரம் பேசினா போதும். தலைப்பு நாங்களே வெச்சுட்டோம். 'குடவோலை: தமிழர் கண்ட மக்களாட்சி'. உங்களுக்குத் தெரியாததா சார்!"

தெரிந்ததுதான். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு அங்கே உண்டு. ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது வட்டங்களாகப் பிரித்தார்கள், ஊர்ச்சபையின் வாரியங்கள் என்ற குழுக்களுக்கு ஆள் தேர, தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள், ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். பள்ளிப் பாடத்திலேயே படித்தாயிற்று. ஒன்றும் தயாரிக்காமல் போனாலும் இருபது நிமிடம் இதை ஓட்டிவிடலாம்.

இருபத்தோராம் நிமிடத்தில் ஒரு மாணவி எழுந்து, "யார் பெயரை சார் குடத்துல போட்டாங்க?" என்று கேட்டால்?

இங்கேதான் வேலை இருக்கிறது. அந்தச் சபை பிரமதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குத் தானமாக விட்ட ஊரின் சபை. குடத்தில் பெயர் இடம்பெற, கால்வேலி நிலத்துக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு இடமில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கும் இல்லை. அவருடைய உறவுக்காரர்களின் நீண்ட பட்டியலுக்கும் இல்லை. அதே ஊரில் உழுதவர்கள், நெய்தவர்கள், பெண்கள் யாரும் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். கூட்டம் நடந்தது அரச ஆணைப்படி. அரசன் அனுப்பிய அதிகாரி ஒருவர் கூடவே இருந்தார். இதை மக்களாட்சி என்பதா, சிறு குழு ஒன்று தனக்குள் போட்டுக்கொண்ட கறாரான ஒழுங்கு என்பதா? நான் இரண்டாவது பக்கம். ஆனால் கல்லூரி வைத்த தலைப்பு முதல் பக்கம் நிற்கிறது. மேடையில் தலைப்போடு மல்லுக்கட்ட வேண்டும் என்றால் கையில் சான்று இருக்க வேண்டும்.

அப்புறம், கல்வெட்டு ஒன்று அல்ல, இரண்டு. முதலாவது பராந்தகனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டு, கி.பி. 919. அடுத்தது பதினான்காம் ஆட்சியாண்டு, 921. முதலாவதில் வயது வரம்பு முப்பதிலிருந்து அறுபது. இரண்டாவதில் முப்பத்தைந்திலிருந்து எழுபது. இரண்டே ஆண்டில் விதியை ஏன் திருத்தினார்கள்? எது சரிப்படவில்லை? அந்த வகுப்பில் பேசத் தகுந்த கேள்வி இதுதான் என்பேன். நாம் மேடையில் கேட்கிற பெரும்பாலான பேச்சு இரண்டையும் ஒன்றாகக் கலந்து சொல்லிவிட்டுப் போய்விடுகிறது.

சரி, இதை ஒழுங்காகச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு மூலத்தையும் அருகருகே வைத்து வரிவரியாகப் படித்து, எங்கே வேறுபடுகின்றன என்று குறிக்க ஒரு முழு நாள். மாணவர்கள் தாங்களே எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி இரண்டு மூன்று வரிகளைத் தேர்ந்து, நல்ல படம் தேடி, கிரந்த எழுத்து வரும் இடங்களைத் தனியே எழுதிக்காட்ட அரை நாள். பேசிப் பார்த்து, ஒரு மணி நேரத்துக்குள் அடங்காததை வெட்ட ஒரு மாலை. ஆகப் புதிய தலைப்பில் ஒரு மணி நேர உரைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். முன்பு பேசிய தலைப்பானால் மூன்று மணி நேரம் போதும், அதுவும் கேட்பவர்கள் ஒரே மாதிரி ஆட்களாக இருந்தால். அந்த வியாழனுக்குள் எனக்குக் கிடைப்பதோ அலுவலகத் தணிக்கைக்கு நடுவே இரண்டு இரவுகள். கணக்கு இடிக்கிறது.

அதனால் தொலைபேசியை வைப்பதற்கு முன் மூன்று விஷயம் கேட்டுக்கொள்வேன். கேட்கப்போவது யார், எத்தனை பேர்? தலைப்பை மாற்ற முடியுமா? அழைப்பிதழ் எப்போது அச்சுக்குப் போகிறது? கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். நம் விடைக்கு உண்மையான கெடு அதுதான், விழா நாள் அல்ல. துறைத் தலைவர் முதல்வரிடம் ஒப்புதல் வாங்கியிருப்பார், அரங்கம் பதிவாகியிருக்கும். தர மதிப்பீட்டுக்காக இடமும் நேரமும் பதிந்த புகைப்படம், வருகைப் பதிவு, அறிக்கை என்று ஒரு கோப்பே காத்திருக்கும். அச்சுக்கு முன் மறுத்தால் வேறொருவரைப் பிடித்துவிடுவார்கள். பிறகு மறுத்தால் அந்த உதவிப் பேராசிரியர்தான் முதல்வர் அறை வாசலில் நிற்க வேண்டும். "பார்க்கிறேன்", "முயற்சி பண்றேன்" என்று மரியாதைக்குச் சொல்லிவைத்தால், அடுத்த மணி நேரத்தில் நம் படம் போட்ட அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் வந்து நிற்கும். அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

முதலில் வாயால் சொல்லிவிட்டு, பிறகு எழுத்திலும் அனுப்புவேன். துறைத் தலைவரிடம் காட்ட அவருக்கு அது உதவும். அந்த அழைப்புக்கு இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு வணக்கம். மன்றத் தொடக்க விழாவுக்கு என்னை அழைத்ததற்கு நன்றி. வியாழக்கிழமை நான் ஊரில்தான் இருப்பேன். ஆனால் இந்தத் தலைப்பில் பேச உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டையும் மறுபடி முழுமையாகப் படிக்க வேண்டும். அதற்கு இந்த வாரம் எனக்கு நேரமில்லை. ஆகவே வர இயலாது. தாங்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வசதியாக இன்றே தெரிவிக்கிறேன். செப்டம்பருக்குப் பிறகு, ஒரு மாதம் முன்னதாகச் சொன்னால், வகுப்பறையிலேயே மாணவர்களோடு உட்கார்ந்து அந்தக் கல்வெட்டைப் படிக்கலாம். மேடை தேவையில்லை."

ஊரில் இருப்பதை நானே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. உடம்பு சரியில்லை, வெளியூர்ப் பயணம் என்று சாக்குச் சொன்னால், அதே வியாழன் மாலை கடைவீதியில் அந்தக் கல்லூரி மாணவன் எதிரே வந்து வணக்கம் வைப்பான். அது தவிர, பயணம் என்றால் அவர்கள் தேதியை மாற்றுவார்கள். தயாரிப்புக்கு நேரமில்லை என்றால்தான், அடுத்த முறை முன்கூட்டியே கூப்பிட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இந்தக் காரணத்தைச் சொன்னதும் எதிர்ப்பக்கம் உடனே நம்மைத் தேற்ற ஆரம்பிக்கும். "பசங்கதானே சார், எதையாவது பேசுங்க." "நீங்க வந்து நின்னாலே போதும்." அன்போடு சொல்வதுதான், கோபிக்க ஒன்றும் இல்லை. ஆனால் எதையாவது பேசுகிறவர் என்ன ஆவார் என்று நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பாதி நேரம் தாண்டியதும் தலைப்பு நழுவி, "இன்றைய இளைஞர்களே" என்று ஆரம்பித்துவிடுவார். கைப்பேசியைத் திட்டுவார், தான் படித்த காலத்தில் தெருவிளக்கு இருந்தது என்பார். மாணவர்களுக்கு அந்த இடம் நன்றாகவே தெரியும். பின்வரிசை அந்த நிமிடம் கைப்பேசியை வெளியே எடுக்கும். பிறகு கருத்துப் படிவத்தில் எல்லாரும் 'மிக நன்று' என்று குறிப்பார்கள். படிவத்தை நம்பி யாரும் தன் பேச்சை எடைபோட வேண்டாம். அப்படி வற்புறுத்தும்போது புதுக் காரணங்களை அடுக்குவதில் பயனில்லை, ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் ஒரு வழி இருக்கும். "வந்து நிற்க முடியும் சார், பாடம் நடத்த முடியாது" என்று அதே காரணத்தை மறுபடி சொன்னால் போதும்.

நமக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் வழியாக அழைப்பு வந்தால் கொஞ்சம் சங்கடம். அப்போது கல்லூரிக்கு எழுதுவதற்கு முன் அவருக்குப் பேசிவிட வேண்டும். செய்தி அனுப்புவது அழகல்ல, குரலில்தான் சொல்ல வேண்டும். அவருக்கு விவரம் புரியும். புரியாவிட்டாலும், வேறு யாரோ சொல்லி அவர் தெரிந்துகொள்வதைவிட இது மேல்.

மாற்று ஆள் சொல்லுங்கள் என்பார்கள். உடனே ஒருவருடைய எண்ணைக் கொடுத்துவிடக் கூடாது. முதலில் அவரிடம் கேட்க வேண்டும். வெறுமனே "போறீங்களா" என்று கேட்டால் போதாது, "இந்தத் தலைப்பு, இத்தனை நாள்தான் இருக்கு, உங்களால் முடியுமா" என்று கேட்க வேண்டும். ஏற்கெனவே அந்தக் கல்வெட்டில் ஊறியவர் நம் வட்டாரத்தில் ஒருவராவது இருப்பார். அவருக்கு மூன்று மணி நேரம் போதும், நமக்குத்தான் பன்னிரண்டு. ஆள் கிடைக்காவிட்டால் அதையும் அன்றைக்கே சொல்லிவிடலாம்.

செப்டம்பர் என்று எழுதினோம் அல்லவா, அது வாய்ப்பேச்சாக எழுதியது அல்ல. அவர்கள் ஆகஸ்டிலேயே கூப்பிட்டால் மறுக்க வழியில்லை, போய்த்தான் ஆக வேண்டும். அந்த எண்ணம் இல்லையென்றால் அந்த வரியை எழுதவே கூடாது. "வர இயலாது" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை.

சில சமயம் நாம் விடை சொல்வதற்கு முன்பே பெயரை அச்சடித்துவிடுவார்கள். "பேனர் வந்துடுச்சு சார், இனிமே என்ன பண்றது" என்பார்கள். அப்போதும் மேலே சொன்ன பதில்தான். செய்தி அனுப்புவதோடு விடாமல் துறைத் தலைவரிடமே நேரில் போய்ச் சொல்லிவிடுவது நல்லது. பேனரில் பெயர் இருக்கும் இடத்தில் வெள்ளைத்தாள் ஒட்டி மாற்றுப் பெயர் எழுதுவது கல்லூரிகளுக்குப் புதிது அல்ல, பசை எந்த அறையில் இருக்கிறது என்று அலுவலக உதவியாளருக்குத் தெரியும்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.