விருந்தினர் அறிமுகம்: பதிவைக் கேட்டுப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஊர் நூலக விழாவில் சிறப்பு விருந்தினரை அறிமுகம் செய்யும் வேலை உங்களுக்கு வந்திருக்கிறது. எழுதிவிட்டீர்கள், செல்பேசியில் பேசிப் பதிவும் செய்துவிட்டீர்கள். சரி, அந்தப் பதிவு தேறுமா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு ராத்திரி போகட்டும். பேசிய கையோடு கேட்டால், வாய் விழுங்கிய எழுத்துகளையும் மனம் நிரப்பிக்கொள்ளும். மறுநாள் தாளை மூடிவைத்துவிட்டுக் கேளுங்கள்.

முதலில் தகவல் சரியா என்று பாருங்கள். மற்ற குறைகளைச் சபை மறந்துவிடும், இதை விருந்தினர் மறக்கமாட்டார். வருபவர் சிறுவர் கதை எழுதுபவர், 'பால சாகித்திய புரஸ்கார்' பெற்றவர் என்று வைத்துக்கொள்வோம். பதிவில் நீங்கள் "சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்" என்கிறீர்கள். இரண்டையும் தருவது அதே அகாதெமிதான், ஆனால் விருது வேறு. இளம் எழுத்தாளர்களுக்கு யுவ புரஸ்கார், மொழிபெயர்ப்புக்குத் தனிப் பரிசு என்று இன்னும் உண்டு. மாற்றிச் சொன்னால், பாவம், அவர் உங்களைத் திருத்திவிட்டுத்தான் பேச்சையே தொடங்க வேண்டியிருக்கும். அதனால் பெயர், முன்னெழுத்து, பதவி, விருது, ஆண்டு என ஒவ்வொன்று வரும்போதும் பதிவை நிறுத்துங்கள். அவரிடமே போனில் கேட்டு உறுதி செய்ததற்கு மட்டும் டிக் போடுங்கள். இணையத்தில் கிடைக்கும் குறிப்பில், ஓய்வு பெற்றவர் இன்னும் பணியில் இருப்பார்.

அப்புறம் தெளிவு. தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வரும், நம் குரலும் அங்கேதான் இறங்கும். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் குறிவைத்துக் கேளுங்கள். "எழுதியிருக்கிறார்" என்பது "எழுதியிருக்..." என்று தேய்ந்தால் அங்கே மூச்சு போதவில்லை. வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். விருந்தினரை அறியாத ஒருவருக்கும் போட்டுக் காட்டி, யார் வருகிறார், எதைப் பற்றிப் பேசுகிறார் என்று கேளுங்கள்.

நீளம் ஒன்றரை நிமிடம் போதும். மிஞ்சினால் முதலில் பட்டங்களின் பட்டியலை வெட்டுங்கள், அது அழைப்பிதழிலேயே இருக்கிறது.

அன்பு இருக்கிறதா என்பதற்கு என் சோதனை இது: வேறு எந்த விருந்தினருக்கும் பொருந்தாத ஒரு வாக்கியமாவது உண்டா? "அறிமுகம் தேவையில்லாதவர்" என்பதை யாருக்கும் சொல்லலாம். "இவர் கதையில் வரும் ஆட்டுக்குட்டிக்கு எங்கள் வாசகர் வட்டப் பிள்ளைகள் பெயர் வைத்திருக்கிறார்கள்" என்பதை இவருக்கு மட்டும்தான் சொல்ல முடியும்.

உற்சாகத்தைச் சத்தத்தால் அளக்காதீர்கள். பல செல்பேசிகள் ஒலியின் ஏற்ற இறக்கத்தைத் தாமாகவே சமன் செய்துவிடும். முதல் பத்து விநாடியையும் கடைசிப் பத்து விநாடியையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முடிவில் வேகம் கூடி, குரல் தட்டையாகியிருந்தால் சீக்கிரம் இறங்கிப் போகத் துடிக்கிறீர்கள் என்று பொருள். விருந்தினரின் பெயர் வருவது அங்கேதான். பெயருக்கு முன் ஒரு சின்ன இடைவெளி விட்டு, அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மறுபடி பதிவு செய்து பாருங்கள்.